கியூஆர் காசும் லாச்சிக் காசும்: பின்னேரக் கணக்கு ஏன் ஒத்துவருவதில்லை?

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். நாலு மாதத்துக்கு முன் வங்கிக்காரர் வந்து கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து பின்னேரம் கணக்குப் பார்த்தால் ஒருநாளும் சரிவருவதில்லை. ஒருநாள் முந்நூறு குறையும், இன்னொரு நாள் ஆயிரம் கூடும். விற்பதையெல்லாம் கொப்பியில் எழுதித்தான் வைக்கிறேன். மெசேஜ் வவுனியாவில் படிக்கிற மகனின் போனுக்குத்தான் வருகிறது. எவ்வளவு வெட்டுகிறார்கள் என்றும் விளங்கவில்லை. பேசாமல் ஸ்டிக்கரைக் கழற்றிவிடவா?

பதில்: வணக்கம் அக்கா. கழற்ற வேண்டாம். ஆனால் அந்த மெசேஜ் விஷயத்தை இந்தக் கிழமையே மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடையில் நிற்பது நீங்கள், காசு வந்த செய்தி போவது வவுனியாவுக்கு. மகன் வகுப்பில் இருந்தால் போன் எடுக்க மாட்டார், வாங்க வந்த ஆளோ தன் போனைத் தூக்கிக் காட்டி "அக்கா போயிட்டுது" என்பார், நீங்கள் தலையாட்டிப் பொருளைக் கொடுப்பீர்கள். அவர் காட்டியது அவருடைய திரை. அது நேற்றைய கட்டணத்தின் படமாகவும் இருக்கலாம், சிக்னல் இல்லாமல் பாதியில் நின்றதாகவும் இருக்கலாம், உண்மையில் போனதாகவும் இருக்கலாம். உங்கள் பக்கத்தில் வந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் அது காசு. ஆகவே அடையாள அட்டையையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு கணக்கு இருக்கிற கிளைக்குப் போய், வியாபாரிக் கணக்கில் பதிந்த தொலைபேசி இலக்கத்தை உங்களுடையதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். வியாபாரிகளுக்கான செயலியையும் அங்கேயே உங்கள் போனில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். செயலியில் அன்றைக்கு வந்த கட்டணங்கள் நேரத்தோடும் தொகையோடும் இலக்கத்தோடும் வரிசையாக நிற்கும், மெசேஜ் அப்படி இல்லை, சிக்னல் குறைந்தால் பிந்தும், சில வேளை வராமலே போகும். ஸ்மார்ட் போன் இல்லை என்றால் மெசேஜையாவது உங்களுக்கு எடுங்கள். அதிலும் அனுப்பியவர் பெயர் வழமையாக வருகிற வங்கிப் பெயர்தானா என்று பார்க்க வேண்டும். சாதாரண கைபேசி இலக்கத்திலிருந்து "உங்கள் கணக்கில் வரவு" என்று வந்தால் அது யாரோ தட்டி அனுப்பியது.

சரி, இனிக் கணக்கு.

நீங்கள் எழுதுகிற கொப்பியில் பிழை இல்லை. ஒரே வரிசையில் எல்லாத்தையும் எழுதிவிட்டு, பின்னேரம் லாச்சியில் இருப்பதையும் கணக்கில் விழுந்ததையும் கூட்டி, அந்த மொத்தத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான சின்னக் கடைகளில் நடப்பது அதுதான். அப்படிச் செய்தால் எங்கே பிழைத்தது என்று ஒருக்காலும் பிடிபடாது, ஏனென்றால் லாச்சியில் குறைந்ததும் கியூஆரில் குறைந்ததும் ஒன்றாகக் கலந்து ஒரே முந்நூறு ரூபாயாகத்தான் வெளியே தெரியும். கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டிய அன்றைக்கே உங்களிடம் இரண்டாவது லாச்சி ஒன்று வந்துவிட்டது. அதைத் தனியாகப் பூட்டித் தனியாகத்தான் எண்ண வேண்டும்.

கொப்பியில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: காசு, கியூஆர், கடன். ஒவ்வொரு விற்பனையும் இந்த மூன்றில் ஒன்றில் விழும். கியூஆரில் எழுதும்போது பக்கத்தில் நேரத்தைக் குறியுங்கள், 11.20 என்று மட்டும் போட்டால் போதும், பெயர் தெரிந்தால் பெயரையும். ஆளுக்கு ஆள் எழுத நேரம் இல்லை என்பீர்கள்தான், ஆனால் காசு வரிசையில் நேரம் தேவையில்லை, கியூஆர் வரிசைக்கு மட்டும்தான் கேட்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் அதில் வர மாட்டார்கள். கீழே சின்னதாக இரண்டு இடம் விடுங்கள், ஒன்று பழைய கடன் வந்தது, மற்றது லாச்சியிலிருந்து வெளியே போனது.

ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம், இலக்கங்கள் நான் போட்டவை. காலையில் சில்லறையாக 3,000 ரூபாய் வைத்துத் தொடங்குகிறீர்கள். பின்னேரம் காசு வரிசையின் கூட்டு 20,420. பழைய கடனில் ஒருவர் கையில் 1,800 தந்தார். வெளியே போனது மூன்று: பாண்காரருக்கு 3,600, வீட்டுக்கு மீன் வாங்க எடுத்த 500, அப்புறம் ஒரு தம்பி 500 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு "அக்கா, 1,500 ஸ்கேன் பண்ணுறன், ஆயிரம் காசாத் தாங்கோ" என்று கேட்டதால் கொடுத்த 1,000. 3,000 உடன் 20,420, அதனுடன் 1,800 சேர்த்தால் 25,220. போன 5,100ஐக் கழித்தால் 20,120. லாச்சியை எண்ணுகிறீர்கள், 20,120 இருக்கிறது. லாச்சி சரி, அதை மூடிவையுங்கள்.

இனிக் கியூஆர். கொப்பியில் அந்த வரிசையின் கூட்டு 8,890. இதற்குள் விற்பனையும் இருக்கிறது, ஒருவர் ஸ்கேன் பண்ணி அடைத்த 1,000 ரூபாய்ப் பழைய கடனும் இருக்கிறது, அந்தத் தம்பியின் முழு 1,500ம் இருக்கிறது. அவருடையதை 500 என்று எழுதக்கூடாது, கணக்கில் விழுந்தது 1,500, ஆகவே கியூஆர் வரிசையில் 1,500, வெளியே போனதில் 1,000. "ஒருநாள் ஆயிரம் கூடும்" என்று எழுதியிருந்தீர்களே, போன 1,000ஐ எழுதிவிட்டு இங்கே 500 என்று போட்டால் அப்படித்தான் கூடித் தெரியும். பழைய கடன் கியூஆரில் வந்து, அதைக் கடன் கொப்பியில் மட்டும் வெட்டிவிட்டு விற்பனைக் கொப்பியில் எழுதாமல் விட்டாலும் இதே மாதிரித்தான் கூடித் தெரியும்.

செயலியைத் திறந்தால் அன்றைய கூட்டு 8,640. இருநூற்றைம்பது குறைகிறது. இப்போது லாச்சியைக் கிளற வேண்டாம், அது ஒத்துவிட்டது, குறை முழுக்கக் கியூஆர் பக்கத்தில்தான் இருக்கிறது. கொப்பியையும் போனையும் பக்கத்தில் வைத்து நேரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தால், 11.20க்கு எழுதிய 250க்கு எதிரே எதுவும் இல்லை. ஐந்து நிமிட வேலை. ஒரே கூட்டாக வைத்திருந்தால் இரவு பத்து மணி மட்டும் மண்டையைச் சொறிந்திருப்பீர்கள்.

அந்த 250 என்ன ஆனது? மூன்றில் ஒன்று. அவர் கடைசிப் பொத்தானை அழுத்தவில்லை, அல்லது அழுத்தியும் சிக்னல் அறுந்ததால் காசு போகவில்லை, அல்லது அவருடைய கணக்கிலிருந்து கழிந்து உங்களிடம் வரவில்லை. அடுத்த நாள் அவரைக் கண்டால் தன் செயலியில் பழைய கொடுப்பனவுகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தோல்வி என்றோ நிலுவையில் என்றோ காட்டலாம், அல்லது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கழிந்திருந்தால் அதற்கு ஒரு தொடர்பிலக்கம் இருக்கும், அதை வைத்து அவர்தான் தன் வங்கியிடம் முறையிட வேண்டும், உங்கள் வங்கியால் அவருடைய கணக்கைத் திறந்து பார்க்க முடியாது. பெரும்பாலும் கழிந்த காசு தானாகவே அவருக்குத் திரும்பி விழும். அதுவரை 250ஐ அவர் பெயரில் கடன் கொப்பியில் எழுதி வையுங்கள். ஊர் ஆள், சண்டை வேண்டாம், ஆனால் எழுதாமலும் விட வேண்டாம்.

இதைவிட அடிக்கடி நடக்கிற பிழை தொகையைத் தட்டுவதில். உங்களிடம் இருப்பது அச்சடித்த நிலையான ஸ்டிக்கர், அதில் உங்கள் கடையின் விவரம் மட்டும்தான் இருக்கிறது, தொகையை வாங்குகிறவர்தான் தட்டுகிறார். 150க்கு 15 என்று தட்டினாலும் போகும், 1,500 என்று தட்டினாலும் போகும். தட்டிய பிறகு, உறுதிப்படுத்த முதல், திரையை ஒருக்கால் காட்டச் சொல்லிப் பழக்குங்கள். வியாபாரிச் செயலி உங்கள் போனில் வந்துவிட்டால், சில வங்கிகளின் செயலியில் நீங்களே தொகையைப் போட்டு அந்த ஒரு விற்பனைக்கு மட்டுமான கியூஆரை உருவாக்கிக் காட்டலாம், அப்போது அவர் தட்ட ஒன்றுமில்லை. இருநூறு ரூபாய்ச் சாமானுக்கு அதெல்லாம் கரைச்சல். பெரிய தொகைக்கு மட்டும் செய்யுங்கள்.

கூடத் தட்டிவிட்டேன், மிச்சத்தைக் காசாகத் தாங்கோ என்று யாராவது கேட்டால், உங்கள் பக்கத்தில் அந்தக் கூடின தொகை விழுந்ததைப் பார்க்கும் வரை லாச்சியைத் திறக்காதீர்கள். தெரியாத முகம் என்றால் இன்னும் கவனம். ஏ9 பக்கத்துக் கடைகளில் வாகனத்தை ஓடவிட்டபடி அவசரப்படுத்துகிற ஆட்கள் வருவார்கள், அந்த அவசரமே போதும் யோசிக்க. கொடுத்தால் அதையும் "வெளியே போனது" இடத்தில் எழுதுங்கள். ஸ்டிக்கரையும் இடைக்கிடை நீங்களே ஒரு போனால் ஸ்கேன் பண்ணி உங்கள் கடைப் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள், மேலே வேறு ஒன்றை ஒட்டிவிட்டுப் போவதும் நடக்கக்கூடியதுதான். காசு கட்ட வேண்டியதில்லை, பெயர் வந்ததும் மூடிவிடலாம்.

வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். லங்கா கியூஆரில் வாங்குகிறவருக்குக் கட்டணம் இல்லை, வியாபாரியிடமிருந்து தொகையில் ஒரு வீதம் எடுப்பார்கள், அதற்கு மத்திய வங்கி உச்ச வரம்பு வைத்திருக்கிறது. உங்களுடைய வீதம் நீங்கள் கையெழுத்து வைத்த படிவத்தில் இருக்கும், கிளைக்குப் போகும்போது அதைக் கேட்டு, சின்னத் தொகைக்கு ஏதும் விலக்கு இருக்கிறதா என்றும் கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இங்கே கணக்குக்காக 1 வீதம் என்று வைக்கிறேன். அன்றைக்கு 8,640 வந்தது, அதில் 86 ரூபாய் 40 சதம் போய் 8,553.60 வங்கிக் கணக்கில் விழும். கொப்பியில் 8,890, ஸ்டேட்மென்ட்டில் 8,553.60. வித்தியாசம் 336.40. "முந்நூறு குறையும்" என்று நீங்கள் சொன்னது இப்படியான ஒன்றுதான் என்று நினைக்கிறேன், வங்கி முந்நூறை வெட்டவில்லை. 86.40தான் கட்டணம், 250 வராத காசு. இரண்டையும் பிரிக்காமல் பார்த்தால் வங்கி கொள்ளையடிக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆகவே கொப்பியைச் செயலியோடு ஒப்பிடுங்கள், வெட்ட முந்திய தொகை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அது ஒவ்வொரு நாளும் செய்வது. செயலியை வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவது வேறு வேலை, கிழமைக்கு ஒருக்கால் போதும், அங்கேதான் கட்டணம் தெரியும். சில வங்கி உடனேயே ஒவ்வொன்றாகக் கணக்கில் போடும், சில வங்கி நாள் முடியச் சேர்த்து அடுத்த வேலைநாளில் ஒரே தொகையாகப் போடும். உங்களுடையது இரண்டாவது வகை என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு விற்ற காசு திங்களில்தான் வரும், திங்கள் போயா என்றால் செவ்வாய். அப்படி இருக்கும்போது ஞாயிறு பின்னேரம் வங்கிக் கணக்கைப் பார்த்துக் காசு குறைகிறது என்று பதறுவதில் பிரயோசனம் இல்லை. அதே காரணத்தால், திங்கள் காலையில் வருகிற சோடா லொறிக்காரருக்குக் கொடுக்கச் சனி ஞாயிறு லாச்சிக் காசை விட்டுவையுங்கள், கியூஆரில் நிற்கிற காசு அவருக்கு உதவாது.

மாத முடிவில் கட்டணத்தைக் கூட்டி ஒரே செலவாக எழுதுங்கள், கரண்ட் பில் எழுதுவது போல. ஒவ்வொரு விற்பனையிலும் கழித்து, 120ஐ 118.80 என்று எழுதப் போனால் கொப்பி செயலியோடு ஒருநாளும் ஒத்துவராது.

சில கடைகளில் 500க்குக் குறைந்தால் கியூஆர் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது விளங்குவதில்லை. கட்டணம் வீதமாகத்தான் போகிறது, 50 ரூபாய்க்கு 50 சதம். உண்மையில் கடிக்கிற இடம் வேறு. லாபம் மெல்லியதாக இருக்கிற சாமான்கள்: ரீலோட், பால்மா மாதிரி. 1,000 ரூபாய் ரீலோட்டில் உங்களுக்கு 40 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், கியூஆரில் வாங்கினால் அதில் 10 போய்விடும், நாலில் ஒரு பங்கு. பிஸ்கட், சவர்க்காரத்தில் அதே 1 வீதம் கண்ணுக்கே தெரியாது. ரீலோட்டுக்குக் காசுதான் வேண்டும் என்று கேட்பது நியாயம், மேலதிகமாகப் பத்து ரூபாய் தாங்கோ என்பது வேண்டாம். அந்தக் கட்டணம் வியாபாரியுடையது, வாங்குகிறவரின் தலையில் போட்டால் வங்கிக்கு முறைப்பாடு போகும்.

அந்தத் தம்பிக்குக் கொடுத்த ஆயிரமும் அப்படித்தான். சாமானே விற்காமல் 10 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது, லாச்சியும் வெறுமையாகிறது, படிவத்தில் இப்படிக் காசு மாற்றிக் கொடுக்கக்கூடாது என்றும் இருக்கலாம், வாசித்துப் பாருங்கள். ஏரிஎம் தூரமான ஊரில் ஆட்கள் கேட்கத்தான் செய்வார்கள். அவசரத்துக்கு ஒருக்கால் உதவுவது வேறு, கடை ஏரிஎம் ஆகிவிடுவது வேறு. பாண்காரர் வந்துபோகும் வரை காசு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் கனடா, லண்டன் வங்கிச் செயலியை வைத்து ஸ்கேன் பண்ணிப் பார்ப்பார்கள், அது வேலை செய்யாது, இங்கத்தை வங்கிக் கணக்கோ இங்கத்தைச் செயலியோ வேண்டும். இந்தியாவிலிருந்து வருகிறவர்களின் யுபிஐ 2024 பெப்ரவரியிலிருந்து லங்கா கியூஆரோடு இணைந்திருக்கிறது. உங்கள் கியூஆரில் அது எடுக்குமா என்று வங்கியில் கேட்டால் சொல்வார்கள்.

கடைசியாகக் கடன் கொப்பி. காலபோக நெல் வெட்டி விற்றதும் பெப்ரவரி, மார்ச்சில் நாலைந்து மாதக் கடனை ஒரேயடியாக அடைப்பார்கள். இப்போது கையில் போன் இருப்பதால் ஒருவர் 40,000ஐ அப்படியே ஸ்டிக்கரில் ஸ்கேன் பண்ணிவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார். அதில் 400 ரூபாய் கட்டணம், அதுவும் ஏற்கனவே மாதக்கணக்கில் உங்கள் முதலை வைத்துச் சாப்பிட்ட சாமானுக்கு. இப்படியான பெரிய தொகைக்கு ஸ்டிக்கரைக் காட்டாமல் வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொடுத்து நேரடியாக மாற்றச் சொல்லுங்கள். வங்கிக்கு வங்கி மாற்றினால் அனுப்புகிறவருக்கு ஒரு சின்ன நிலையான கட்டணம்தான், ஒரே வங்கி என்றால் பெரும்பாலும் அதுவும் இல்லை. வேண்டுமானால் அந்தச் சின்னக் கட்டணத்தை அவருடைய கடனில் கழித்துவிடுங்கள், அப்போதும் உங்களுக்கு லாபம்தான். ஆனால் அந்தக் காசு வியாபாரிச் செயலியில் வராது, வங்கிக் கணக்கில் மட்டும்தான் தெரியும். ஆகவே கியூஆர் வரிசையில் எழுத வேண்டாம், பக்கத்தின் அடியில் "வங்கிக்கு நேரே" என்று தனியாக ஒரு வரி போட்டு, கிழமைக் கணக்கில் ஸ்டேட்மென்ட்டோடு சேர்த்து டிக் போடுங்கள்.